வாசலில் சொல்லாமல் விட்டது

கணக்கு டீச்சருக்குத் தேர்வு நாளில் ஒரு வழக்கம் உண்டு. மணி அடிப்பதற்குச் சற்று முன் பெண்களை மட்டும் பள்ளிக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வார்: "பொண்ணுங்களுக்குக் கணக்கு வராதுன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. இன்னிக்கு அவங்க வாயை அடைச்சுட்டு வாங்க."

அவர் படித்த கல்லூரியில் ஒரு விரிவுரையாளர், கரும்பலகைப் பக்கம் வந்த மாணவிகளைப் பார்த்து எப்போதும் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் மேல் வந்த கோபத்தில்தான் பட்டம் வாங்கினேன் என்று டீச்சர் நம்பினார். தன்னைத் தூக்கி நிறுத்திய கோபத்தை மாணவிகளுக்கும் கொடுப்பதாகவே நினைத்தார்.

இந்த வருடம் அந்தக் கூட்டத்தில் அவருடைய மகளும் நின்றாள்.

சிறப்புக் கணக்கு வகுப்புக்கான தேர்வு அது. அதில் இடம் கிடைத்தால்தான் மகள் ஆசைப்பட்ட படிப்புக்கு வழி திறக்கும். முதல் தேர்வில் அவள் பெயர் வரவில்லை. சில இடங்கள் நிரம்பாததால் இன்னொரு தேர்வு வைத்தார்கள். இதுவும் போனால் மூன்றாவது கிடையாது.

பெயர் வராத அன்று மாலை, அதே வினாத்தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார் டீச்சர். மகள் ஒரு காலை நாற்காலியில் மடித்து உட்கார்ந்து, வாழைப்பழத்தைக் கடித்தபடி கடைசிக் கணக்கு வரை போட்டு முடித்தாள். எல்லாம் சரி.

"வீட்ல புலி, பரீட்சை ஹால்ல பூனையா?" என்று அப்பா கேட்டார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார். மகள் பழத்தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டீச்சர் பள்ளி ஆலோசகரின் அறைக்குப் போனார். ஆலோசகர் இளையவர், மனநலம் படித்தவர். அந்த அறையில் அழுகிற பிள்ளைகளுக்காக ஒரு மெத்தை நாற்காலி கிடந்தது. டீச்சர் அதில் உட்காராமல் நின்றே கேட்டார். என் மகளுக்குப் பரீட்சை பயமா? மருந்து ஏதாவது உண்டா?

ஆலோசகர் ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து கேட் தெரிந்தது.

"டீச்சர், அன்னிக்கு நீங்க கேட்ல சொன்னது எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"நல்லதுதானே சொன்னேன்?"

"நல்லதுக்குத்தான் சொன்னீங்க."

பிறகு அவர் மெதுவாக விளக்கினார். தன் கூட்டத்தைப் பற்றி ஊரில் ஒரு மட்டமான பேச்சு இருப்பது ஒரு பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பேச்சைத் தேர்வுக்கு முன் யாராவது நினைவூட்டினால் போதும், தப்பு செய்தால் அது உண்மையாகிவிடுமோ என்கிற கவலை கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் அந்தப் பேச்சை நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. எளிய கணக்குகளை அது பாதிக்காது. பல படிகளை மனதில் பிடித்துவைத்துப் போட வேண்டிய கடினமான கணக்குகளில்தான் அடி விழும். மனதில் அதற்கு வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டிருக்கும். கணக்கே பிடிக்காத பிள்ளையை இது அவ்வளவாகத் தொடாது. கணக்கை உயிராக நினைக்கிறவளைத்தான் தொடும்.

"எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன்" என்றார் ஆலோசகர். "சில ஆய்வுல பெரிசா தெரிஞ்சுது, சிலதுல தெரியவே இல்ல. உங்க பொண்ணுக்கு இதுதானான்னு எனக்குத் தெரியாது. அவளையே கேளுங்க."

டீச்சர் அப்போதுதான் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடங்களில் கேட் பக்கத்தில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வகுப்பில் பளிச்சென்று பதில் சொல்லிவிட்டுத் தேர்வில் வழுக்கியவர்கள். பதற்றம், கவனக்குறைவு, உழைப்பு போதாது என்று அவர்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். யாருக்கு எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாமைதான் அவரை அழுத்தியது.

அன்று துணி மடிக்கும்போது மகளிடம் கேட்டார். ஹாலில் உனக்கு என்னதான் ஆகிறது?

மகள் ஒரு சட்டையை மடித்து முடிக்கும் வரை யோசித்தாள்.

"முதல்ல நல்லாத்தான் போகும். கஷ்டமான ஒண்ணு வந்ததும், கணக்கைப் பாக்குறதோட என்னையும் பாக்க ஆரம்பிச்சுடுவேன். திணறுறேனா, சார் பாக்குறாரா, பசங்க எழுதிட்டாங்களான்னு. படிச்ச வரியையே திரும்பப் படிப்பேன். சரியா போட்டதைக்கூட குறுக்கே கோடு போட்டு அடிச்சுடுவேன்." சற்று நிறுத்திவிட்டு, "நான் விட்டா நான் மட்டும் விட்ட மாதிரி இல்லல்லம்மா. வாயை அடைக்கணும்ல" என்றாள்.

அதில் குத்தல் இல்லை. அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

இன்னொன்றும் மிச்சம் இருந்தது. ஹால் மேற்பார்வை இயற்பியல் சாருடையது. ஓய்வு பெறப்போகிற, எல்லோருக்கும் பிடித்த மனிதர். தாள் கொடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் பெண்கள் வரிசையைப் பார்த்துச் சொல்வார்: "பொண்ணுங்க பயப்படாதீங்கம்மா, முதல் பக்கம் சுலபம்தான்." தேர்வுக்கு முந்தைய நாள் டீச்சர் அவரை ஆசிரியர் அறையில் பிடித்து, அதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சாரின் முகம் சுருங்கியது. "ஆறுதல் சொல்றது தப்பா மேடம்? நான் என்ன கேலியா பண்ணேன்?"

"இல்ல சார். நானும் தைரியம்தான் சொன்னேன். ரெண்டும் ஒரே இடத்துலதான் போய்க் குத்துது."

ஆலோசகர் சொன்னதை அவரால் முடிந்த மட்டும் திருப்பிச் சொன்னார். சார் தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். வாய்ப்பழக்கம், பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார்.

தேர்வு நாள். பெண்கள் வழக்கம்போலத் தாங்களாகவே கேட் அருகே கூடினார்கள். டீச்சருக்குப் பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பேனா எடுத்துக்கிட்டீங்களா? போங்க, நேரமாச்சு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் மட்டும் பின்தங்கினாள்.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான். உள்ள இருக்கறது வெறும் கணக்குதான். படபடன்னு வந்தா வந்துட்டுப் போகட்டும், எல்லாருக்கும் வரும்."

ஹாலுக்கு வெளியே நடைவழியில் ஒரு தூணருகே டீச்சர் நின்றார். மகள் எழுதுவதால் உள்ளே அவருக்கு வேலையில்லை. இங்கே நிற்கவும் தேவையில்லை. திறந்த ஜன்னல் வழியாக நாற்காலிகள் இழுபடுவது கேட்டது. தாள்கள் கைமாறின. சாரின் செருப்பு பெண்கள் வரிசைப் பக்கம் வந்து நின்றது.

"பொண்ணுங்க..." என்றது அவர் குரல்.

டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டார். உள்ளே யாரோ பேனா மூடியைக் கழற்றினார்கள். சார் தொண்டையைச் செருமினார்.

"...பசங்க, எல்லாரும் ஆரம்பிக்கலாம்."

செருப்புச் சத்தம் நகர்ந்து போயிற்று.

முடிந்து வெளியே வந்த மகளின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. எப்படி எழுதினாய் என்று கேட்கக் கூடாது என்று டீச்சர் தீர்மானித்திருந்தார். இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். நிழற்குடையில் உட்கார்ந்ததும் மகள் தானாகவே கடைசிக் கணக்கை உள்ளங்கையில் விரலால் போட்டுக் காட்டினாள்.

"இங்க மாட்டிக்கிட்டேன். அடிச்சுடலாம்னு பேனாவைக்கூட வெச்சுட்டேன். அப்புறம் கணக்கையே இன்னொரு தடவை பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு, விட்டுட்டேன்."

டீச்சர் மனதுக்குள் படிப்படியாகச் சரிபார்த்தார். சரிதான். மற்றவை எப்படியோ, யார் யார் இன்னும் நன்றாக எழுதினார்களோ, பெயர் வருமோ வராதோ. சரி என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மகளின் உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. அவள் விரல் மட்டும் அடுத்த படியைப் போட்டுக்கொண்டே போயிற்று.