கோவிந்தராசு படிக்காத பக்கம்

பிரகதாம்பாளுக்குக் கோவிந்தராசு மேல் இருந்த கோபம் கொதித்து அடங்குகிற ஜாதி இல்லை. தவிட்டுக்குள்ளே வைத்த நெருப்பு மாதிரி வெளியே தெரியாமல் கனன்றுகொண்டே இருந்தது. திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு உட்கார்ந்தவள், வருகிறவர்களிடம் சிரித்துத்தான் பேசுவாள். ஆனால் கடன் கம்பெனித் தாள் எது வந்தாலும், அதில் ஏஜெண்ட் பேர் என்ன என்றுதான் அவள் கண் முதலில் தேடும்.

காரணம் இல்லாமல் இல்லை. "அறுப்புக்கு அறுப்பு கட்டினாப் போதும்மா, ஆறு மாசத்துக்கு ஒரு தவணை" என்று சொல்லித்தான் கோவிந்தராசு அவள் வீட்டுக்காரருக்கு டிராக்டர் கடன் வாங்கிக் கொடுத்தான். தாளில் இருந்ததோ மாதத் தவணை. அத்தனையும் இங்கிலீஷ். தவணை தவறியதென்று, நாற்றங்காலில் சேறடித்துக்கொண்டிருந்த வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்கள். வரப்பில் நின்று பார்த்த மனுஷர் அந்த மாதமே மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனார்.

புகார் கொடுத்தாள். கம்பெனி ஒரே வரியில் பதில் போட்டது. கடைசிப் பக்கத்தில், 'இதிலுள்ளதை எல்லாம் கடன் வாங்குபவருக்குத் தமிழில் படித்து விளக்கினேன்' என்று ஒரு உறுதிமொழி. கீழே கோவிந்தராசு கையெழுத்து. விளக்கியாகிவிட்டதாம். புகார் செல்லாதாம்.

அதற்கப்புறம்தான் அவள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். தாளைப் படமெடுத்து அனுப்பினால் தமிழில் அடித்துத் தருவாள். முதலில் செல்போனில் இருக்கிற மொழிபெயர்ப்பு ஆப்பில் போடுவாள். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி அவளே சரிபார்ப்பாள். ஆப் சில சமயம் ஒரு வரியையே முழுங்கிவிடும். தேதி, ரூபாய், சதவீதம் மூன்றையும் மூலத்தோடு விரல் வைத்து ஒத்துப் பார்க்காமல் விடமாட்டாள். கலங்கின எண்ணை ஊகித்துப் போடவும் மாட்டாள்.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு காலையில் அனுராதாவின் படங்கள் வந்தன. பக்கத்து ஊர்க்காரி, குத்தகைக்கு நிலம் பிடித்துச் சம்பா நட்டிருப்பவள். டிராக்டர் கடன், ஆறு லட்சம். ஏஜெண்ட்: கோவிந்தராசு.

பிரகதாம்பாள் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பிறகு போன் போட்டாள்.

"அனு, மூணு படம் அனுப்பியிருக்கே. அடியிலே நம்பர் பாரு. ஒண்ணு, மூணு, நாலு. ரெண்டாம் பக்கம் எங்கே?"

"அவ்வளவுதாங்க்கா குடுத்தாரு."

"முதல் தாளைத் திருப்பு."

தாள் திரும்புகிற சத்தம் கேட்டது. "அய்ய, பின்னாடியும் அடிச்சிருக்குக்கா. நான் பாக்கவே இல்லை."

"வெளிச்சத்துல வச்சு எடு. நிழல் விழாம."

அந்தப் பின்பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. செயலாக்கக் கட்டணம், வரியோடு பதினாலாயிரத்து நூற்று அறுபது. காப்பீட்டுக்கு இருபத்திரண்டாயிரம். இரண்டையும் கழித்துக்கொண்டு மீதிதான் கைக்கு வரும். வட்டி மட்டும் முழு ஆறு லட்சத்துக்கும். கோவிந்தராசு அனுவிடம் சொன்ன பதினோரு சதவீதமும் பொய்யில்லை. ஆனால் அது அசல் குறைந்தாலும் குறையாத வட்டி. கடைசித் தவணை வரைக்கும் முதல் நாள் ஆறு லட்சத்துக்கே கணக்கு. கட்டணத்தையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கட்டத்துக்குள் கம்பெனியே போட்டிருந்தது: 22.8 சதவீதம். தவணை மாதம் பதினெட்டாயிரம், நாலு வருஷம். அனுவிடமும் அவன் அறுப்புக்கு அறுப்பு என்றே சொல்லியிருந்தான். முதல் தவணை டிசம்பர் ஐந்து. சம்பா அறுப்பு தை பிறந்துதான். நெல்லு வீட்டுக்கு வருவதற்குள்ளேயே இரண்டு தவணை. வங்கியில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்நூற்றுத் தொண்ணூறு, தாமதக் கட்டணம் அது போக.

நாலாம் பக்கத்தில் அதே உறுதிமொழி. அனுராதாவிடம் இன்னும் ஒரு வரிகூடப் படித்துக் காட்டவில்லை. கோவிந்தராசு கையெழுத்து மட்டும் முன்கூட்டியே விழுந்திருந்தது.

கண்ணுகளா, அந்த நேரத்தில் அவள் மனசில் ஓடினதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'மாதத் தவணை' என்கிற ஒரு வரியை விட்டுவிட்டால் போதும். இந்தப் பெண் போய்க் கையெழுத்துப் போடுவாள். தையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போவார்கள். அப்போது இரண்டு குடும்பம், இரண்டு பொய் உறுதிமொழி. கோவிந்தராசு தப்பவே முடியாது. அந்த வரி இல்லாமல் அடித்தும் முடித்துவிட்டாள். படிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

அனுப்பப் போன விரல் நின்றது. வரியை விழுங்குவது கோவிந்தராசு பார்க்கிற வேலை. அதை அவனுக்காக, அதுவும் கூலியில்லாமல், நான் ஏன் செய்ய வேண்டும் என்று நினைத்தாள்.

அந்த வரியை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில் போட்டாள்.

தாளைப் படித்துவிட்டு அனுராதா கடைக்கே ஓடி வந்தாள். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடலைன்னா கடன் போயிடும்னாரே?"

"இந்தக் கடன் மூணு வேலை நாள் வரைக்கும் செல்லும்னு ரெண்டாம் பக்கத்துலயே இருக்கு. போகட்டுமே, உனக்கு என்ன?"

"அதுக்கில்லைக்கா." அனுராதா மூக்கை உறிஞ்சினாள். "நேத்து வீட்டுல உக்காந்து என் கையால ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சான்."

பிரகதாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. "வா, காப்பிக்காசை வாங்கிட்டு வருவோம்."

தஞ்சாவூர் கிளையில் வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் அதே நீலக் கவர். கோவிந்தராசு ஒவ்வொருத்தருக்காகப் பேனா நீட்டிக்கொண்டிருந்தான். பிரகதாம்பாளைப் பார்த்ததும் பேனா ஒரு நொடி நின்றது.

"வாங்கம்மா. சௌக்கியமா?"

"உங்க புண்ணியத்துல இருக்கேண்ணே. தங்கச்சிக்கு ஒரு சந்தேகம்."

அனுராதா பக்கத்திலேயே இருந்த கிளை மேலாளரின் மேஜை மேல் இங்கிலீஷ் தாளையும் தமிழ்த் தாளையும் விரித்தாள். "தவணை எப்படின்னு சார் முன்னாடி ஒரு தடவை சொல்லிடுங்கண்ணே."

"அதான் சொன்னேனே, ஆறு மாசத்துக்கு…" என்று ஆரம்பித்தவன் மேலாளர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

அனுராதா விடவில்லை. "சொல்லுங்க. ஆறு மாசத்துக்கு ஒண்ணா? அப்படின்னா இங்க, உங்க கையெழுத்துக்குப் பக்கத்துல, அதை எழுதிடுங்க. நான் இப்பவே போடறேன்."

கோவிந்தராசு எழுதவில்லை. மேலாளர் குனிந்து பார்த்தார். "இவங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன் சார்."

"என்னிக்கு?" என்றாள் அனுராதா. "பின்பக்கம் இருக்குன்னே இன்னிக்குக் காலையிலதான் எனக்குத் தெரியும்."

கோவிந்தராசு பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன் கவரைப் பிரித்துத் தாளைத் திருப்பினார். பக்கத்திலிருந்தவர் திருப்பினார். வாசல் வரைக்கும் தாள்கள் சலசலத்தன. "தமிழ்ல யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்று யாரோ கேட்டார்கள். பிரகதாம்பாள் கடை நம்பரை நிதானமாக, இரண்டு தடவை சொன்னாள். அன்றைக்கு அந்தக் கிளையில் ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கோவிந்தராசு கடைக்கு வந்தான். கம்பெனியில் அவனை விசாரிக்கிறார்களாம், இன்னும் நீக்கவில்லையாம். உட்காரச் சொல்லவில்லை அவள்.

"நான் சின்ன ஆளும்மா. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். உங்களுக்கு என்னதான் வேணும்?"

முன்பே அடித்து வைத்திருந்த தாளை அவன் முன்னால் தள்ளினாள். 'பிரகதாம்பாள் குடும்பத்துக்கு நான் கடன் தாளைப் படித்து விளக்கவில்லை. விளக்கியதாகப் பொய்யாகக் கையெழுத்திட்டேன்.' அவ்வளவுதான். தமிழில்தான் இருந்தது.

அவன் அதை இரண்டு முறை படித்தான். "இதுல கையெழுத்துப் போட்டா என் பொழப்பே போயிடும்மா."

"போகட்டும்னுதான் அடிச்சேன்" என்று சொல்லிப் பேனாவின் மூடியைக் கழற்றி அவன் பக்கம் நீட்டினாள்.