வடக்கு மேசையின் அரையாண்டுக் குறிப்பு

ஜூலை பிறந்தால் போதும், எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் என்மீது பாசம் பொங்கி வழியும். மற்ற நாளெல்லாம் என் வாய்க்குப் பயந்து தள்ளிப் போகிறவர்கள்கூட, பிளேன்ரீயோடு மேசையடிக்கு வந்து நிற்பார்கள். வேறொன்றுமில்லை, அரையாண்டுக் குறிப்பு எழுத வேண்டும். ஒவ்வொருவரும் தன் மனேஜருக்கு ஒரு பக்கத்தில், இங்கிலிஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதுவரை செய்தது என்ன, தடைகள் என்ன, என்ன உதவி வேண்டும் என்று மூன்று கட்டங்கள். என் இங்கிலிஷ் கொஞ்சம் சுத்தம் என்று பெயரெடுத்துத் தொலைத்துவிட்டேன்.

"ஜெகாக்கா, எனக்கும் ஒன்னு எழுதித் தாங்களேன்," என்று கணக்குப் பகுதி ஸமீமா வந்து நின்றாள்.

"உனக்கு என்ன தடை?"

"பிரின்டர் பேப்பர இழுக்குதில்ல."

கொடுத்து வைத்தவள். அவளுடைய தடையைக் கதவைத் திறந்து கையால் தட்டிச் சரிசெய்யலாம்.

என்னுடைய தடை யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-நைன் வீதி. எங்கள் கம்பனி தண்ணீர் இறைக்கும் மோட்டர் இறக்குமதி செய்கிறது. நான் வடக்கு மேசை. யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு விற்பதும் காசு வருகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. பாதை திறந்திருந்த காலத்தில் தோட்டக்காரர் போட்டி போட்டு வாங்கினார்கள், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஸ்ரோர்ஸில் லொறி நிற்க இடமிருக்காது. இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்டில் சண்டை மூண்டு பாதையைப் பூட்டினார்கள். அதன் பிறகு கப்பல்தான். அரிசியும் சீனியும் ஏற்றவே இடமில்லாத கப்பலில் மோட்டர் ஏற்ற வேண்டுமென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அனுமதிக்குப் போட்ட கடிதங்களுக்குப் பதிலே இல்லை. தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான், முந்திய வருட விற்பனையை எடுத்து, மேலே பதினைந்து வீதம் கூட்டி, இந்த வருட இலக்கு என்று என் பெயரில் போட்டுவிட்டான். அவனைக் கண்டால் கேட்பேன், தம்பி, நீ பேப்பர் வாசிப்பதில்லையா என்று.

ஜூன் முடிய நான் விற்றது நான்கு மோட்டர். அதுவும் பழைய ஒப்பந்தம் ஒன்றுக்கு பூட்டுக்கு இப்பாலுள்ள வவுனியாவில் இறக்கியவை. வருட முடிவில் இலக்கில் பாதிகூட வராதவர்களின் கொன்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்பது சட்டம். இலக்கை மாற்றலாம், ஆனால் அரையாண்டுக் குறிப்பில் கேட்டால்தான் மாற்றலாம். ஜூலை போனால் போனதுதான்.

வேலை போனால் சம்பளம் போகும் என்பது மட்டுமென்றால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரி. வெள்ளவத்தையில் ஐறீன் அன்ரி வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். வடக்கிலிருந்து வந்த தமிழர் கட்டாயம் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவில் 'கொழும்பில் இருப்பதற்கான காரணம்' என்ற இடத்தில் எனக்கு எழுத இருப்பது இந்த வேலை ஒன்றுதான். ஜூன் தொடக்கத்தில், காரணமில்லாமல் இருக்கிறீர்கள் என்று சொல்லி, லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். சுப்ரீம் கோட் தடுத்துவிட்டது, உண்மைதான். ஆனால் தடுத்ததை நம்பி யார் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்கள்? எனக்கு வேலை இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே என் குறிப்பை ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். செய்தது: நான்கு மோட்டர், பழைய கடன்களில் பாதிக்கு மேல் வசூல். தடை: வீதி பூட்டு, கப்பலில் அனுமதியில்லை. வேண்டிய உதவி: இலக்கைத் திருத்தவும், அல்லது கொழும்பு உதிரிப்பாகப் பகுதிக்கு என்னை மாற்றவும். அத்தோடு பொலிஸுக்குக் காட்டப் புதுத் திகதியில் சிங்களத்தில் ஒரு வேலைக் கடிதம் தரவும்.

எங்கள் மனேஜர் கொன்ஸ்ரன்ரைன் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். கெட்ட மனிதரில்லை. ஆனால் காற்றடித்தாலும் யாரைக் கேட்டு அடிக்கிறது என்று யோசிப்பவர். என் குறிப்பை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெகா, இது டிரெக்டரிட்ட போகும் தானே. வீதி பூட்டு அப்படின்னு நேராவே போடணுமா? 'மார்க்கெட் கண்டிஷன்' அப்படின்னு போட்டா என்ன?"

"சேர், மார்க்கெட் இருக்கு. சனம் மோட்டர் கேட்டு ரெலிபோன் அடிக்குது. பாதைதான் இல்லை."

"அது எனக்குத் தெரியும். எழுத்துல வந்தா அரசியல் மாதிரி இருக்கும்."

"நான் சோம்பேறி எண்டு வந்தால் மட்டும் நல்லாயிருக்குமோ?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்து வைத்தார். உதிரிப்பாகப் பகுதிக்கு மாற்றத் தானே கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். பொய் சொல்வானேன், அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு வயிறு பசித்தது. பல நாளாகப் பசி என்பதே இல்லாமல் இருந்தவள் நான்.

அடுத்த கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கூப்பிட்டார். மேசையில் அவருடைய கையெழுத்தில் ஒரு தாள் கிடந்தது. மனேஜர்களுக்கும் அரையாண்டுக் குறிப்பு உண்டு. அதை அவர்கள் டிரெக்டருக்குக் கொடுக்க வேண்டும். மூன்று வருடமாக அவருடையதையும் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"இந்த முறை நானே எழுதிக்கிறேன் ஜெகா. ஆனா நீங்க முதல்ல தெரிஞ்சிருக்கணும்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துப் பேசினார். "உதிரிப்பாகப் பகுதிக்குக் கேட்டேன். ஆள் எடுக்கேலாதாம். அதுக்கு மேல, ஒவ்வொரு மனேஜரும் ஒரு இடத்தக் குறைக்கணும்னு சொல்றாங்க. நான் குறைக்காட்டி என்னையே குறைப்பாங்க. என்னோட தடைன்னு வடக்கு மேசையப் போடச் சொல்றாங்க. வேணும்ங்கிற உதவி, அத செப்டெம்பரோட மூட அனுமதி."

என் குறிப்பில் தடை வீதி. அவருடைய குறிப்பில் தடை நான்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ சேர்?"

"சொன்னேன் ஜெகா. ரெண்டு தரம் சொன்னேன். எனக்குப் பிள்ளைகள் மூணு பேர்."

அந்தத் தாளை இழுத்துப் பார்த்தேன். இங்கிலிஷ் படுமோசம். வாசிக்கிறவர்களுக்கு வடக்கு மேசையில் இருந்தவள் வேலை செய்யாமல் இருந்தாள் என்றுதான் விளங்கும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான்தான் அதை எழுத வேண்டும். போகிறது போகட்டும், செப்டெம்பரில் இல்லாமல் டிசம்பரில் போகட்டும். மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்தால் வேறு வேலை தேடலாம். பொலிஸுக்குக் காட்டக் கேட்ட வேலைக் கடிதமும் அதுவரைக்கும் செல்லும்.

"தாங்கோ சேர், நானே எழுதுறன். ஆனால் டிசம்பர் எண்டு போடுவன். என்ரை பிழையில்லை எண்டும் போடுவன்."

"போடுங்க," என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கவும் எரிச்சலாக இருந்தது.

அன்றும் மறுநாளும் இருந்து எழுதினேன். என் குறிப்பில் எழுத இடமில்லாததையெல்லாம் மனேஜரின் பெயரில் எழுதினேன். வீதி ஏன் பூட்டியிருக்கிறது, கப்பலில் எதற்கு முதலிடம், அனுமதி ஏன் வராது, இந்த வருடத்தில் ஏன் எந்த மாற்றமும் நடக்காது என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி இருந்தாலும் இந்த மேசையில் ஒரு மோட்டர் விற்க ஏலாது என்பது வாசிக்கிறவருக்கு ஐயம் திரிபற விளங்க வேண்டும் என்று பாடுபட்டேன். கடைசியில், ஏழு வருடம் உழைத்த உத்தியோகத்தர் என்பதால் டிசம்பர் முடிவில் மேசையை மூடலாம் என்று முடித்தேன். ஸமீமா வாசித்துவிட்டு, இப்படி எழுதினா கல்லும் கரையும் என்றாள். எனக்கும் அந்த நம்பிக்கை வந்தது, சும்மா சொல்லக்கூடாது.

இரண்டு குறிப்பும் ஒன்றாகத் திரும்பி வந்தன. என்னுடையதன் அடியில் 'பார்த்தேன்' என்று ஒரு சொல். மனேஜருடையதன் அடியில் டிரெக்டர் தன் கையாலேயே நான்கைந்து வரி எழுதியிருந்தார். நிலைமையை இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் தனக்கு விளக்கவில்லையாம். கொன்ஸ்ரன்ரைனுக்குப் பாராட்டாம். இந்த வருடம் ஒரு மாற்றமும் வராது என்பது இத்தனை உறுதி என்றால், டிசம்பர் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? செப்டெம்பரும் வேண்டாம். ஓகஸ்ட் முடிவோடு மூடவும்.

"ஜெகா, நான் இத எதிர்பார்க்கல," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"நானும்தான் சேர்."

"திருப்பி ஒருக்கா எழுதிக் கேப்பமா?"

"வேண்டாம் சேர். நான் எழுதினால் ஜூலையோடை முடிச்சுப் போடுவினம்."

வேலைக் கடிதத்தை மட்டும் கேட்டேன். உடனே அடிக்கச் சொன்னார், சிங்களத்தில், கம்பனி முத்திரையோடு. முடிவுத் திகதி போடாமல் விடலாமா என்று கேட்டேன். யாராவது விசாரித்து ரெலிபோன் எடுத்தால் கம்பனி பொய் சொன்னதாக ஆகிவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஓகஸ்ட் முப்பத்தொன்று வரை என்று போட்டுக் கையெழுத்து வைத்தார்.

அன்றைக்கு பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் இருக்கவில்லை. இருந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அத்தனை சனத்துக்கு நடுவில் அழுதால், ஏன் அழுகிறாய் என்று எவனாவது அடையாள அட்டை கேட்பான்.

ஐறீன் அன்ரி வாசலிலேயே நின்றார். வீட்டில் இருக்கிறவர்களின் பட்டியலைப் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். பல நாளாக என் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்தேன். அவருக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்து, கடைசி வரியில் விரலை நிறுத்தினார்.

"ஓகஸ்ட் வரைக்குமோ பிள்ளை?"

"ஓம் அன்ரி."

கடிதத்தை நாலாக மடித்து என் கையில் தந்தார். சாப்பிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய் ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பிறகு எதிர்க் கதிரையில் இருந்து, சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"குறை நினைக்காதை பிள்ளை. செப்டெம்பருக்கு அறைக்கு வேறை ஆரும் பாக்கட்டே?"

"பாருங்கோ அன்ரி," என்றேன்.