எட்டுத் தட்டு இடைவெளி

மணி நாலா, நாலரையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்ற பாட்டு டீச்சரின் முகத்துக்கு நேராக அண்ணன் அம்மாவின் போனை நீட்டியதில் மட்டும் சந்தேகமில்லை.

“இத வாய்விட்டுப் படிங்க.”

டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. படித்தார்.

“இன்னைக்கு ஒத்திகைக்கு வர முடியல டீச்சர். காலைலேர்ந்து மூச்சு வாங்குது. சரணத்துல ரெண்டாவது வரி எங்க எடுக்கணும்னு இன்னும் பிடிபடல. இன்னைக்கு நடத்துறத மெதுவா பாடி அனுப்புங்க.”

“மூச்சு வாங்குதுன்னு ஒரு மனுஷி சொன்னா, பாட்டு அனுப்புவீங்களா?”

“ஒத்திகை நேரத்துல போனை சத்தமில்லாம வச்சிருவேன். பதினொன்றரைக்கு முடிச்சுட்டுத்தான் பாத்தேன். சளியா இருக்கும்னு நெனச்சேன், தம்பி.”

“தம்பியா? அறுபது வயசுக்கு மேல மேடையேத்துறேன்னு ஆசை காட்டி, கொன்னே போட்டுட்டு, தம்பியாம்!”

கூடத்தில் அம்மாவின் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். அண்ணனுக்குப் பின்னால் நின்ற தங்கை, போனின் மேல் இருந்த அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தச் செய்தியை அனுப்பியது காலை ஒன்பது ஏழுக்கு. அதற்கு முன்பே, ஒன்பது இரண்டுக்கும் ஒன்பது நாலுக்கும் தங்கையைக் கூப்பிட்டிருந்தாள். அலுவலகக் கூட்டத்தில் இருந்த தங்கை இரண்டு முறையும் துண்டித்தாள். அந்த விரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும், அழைப்புகளின் பட்டியல் வந்துவிடும்.

“ரெண்டாவது வரிய அரைத் தட்டு தள்ளி எடுக்கணும்” என்றார் டீச்சர். “அவங்க எப்பவும் முந்திருவாங்க. மத்தவங்க சிரிப்பாங்க. அதான் தனியா கேட்டாங்க.”

“உங்க தட்டையும் தாளத்தையும் இங்க யாரு கேட்டா?”

“என்கிட்ட அவங்க கேட்டது பாட்டுதான். அனுப்பிட்டேன்.” டீச்சரின் குரல் இறுகியது. “உதவிய யார்கிட்ட கேட்டாங்கன்னு அந்தப் போன்லயே இருக்கும். பாருங்களேன்.”

“போதும்ணா. குடு.” தங்கை போனைப் பிடுங்கினாள். டீச்சர் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

“பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு, நிக்க முடியல” என்றான் அண்ணன்.

தங்கை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இரண்டு அழைப்புகளையும் அழித்தாள். அம்மாவின் செய்திக்குக் கீழே டீச்சரின் குரல்பதிவு திறக்கப்படாமல் இருந்தது. காதோடு ஒட்டவைத்துக் கேட்டாள்.

“கையில தாளம் போட்டுக்கோங்க. முதல் தட்டு விழட்டும், அவசரப்படாதீங்க. அப்புறம் எடுங்க.” டீச்சர் அந்த வரியைப் பாடினார். “எட்டுத் தட்டு காலியா விடுறேன். அதுல நீங்க பாடிப் பாருங்க.”

பிறகு குரல் இல்லை. தொடையில் கை விழும் சத்தம் மட்டும், எட்டு முறை.

டீச்சரோடு அண்ணன் அதன் பிறகு பேசவில்லை; வழியில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். டீச்சரின் பாட்டு நிகழ்ச்சி, குறித்த நாளிலேயே நடந்தது. அம்மாவின் இடத்தில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தி பாடினாள். வீட்டை விற்றார்கள். அம்மாவின் போன் தங்கையிடம் இருக்கிறது. அவள் பாடக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த எட்டுத் தட்டில் எங்கே எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.