லேபிளில் இருந்த நம்பர்

அக்கா என் வாடகை அறைக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உடுத்திய துணியோடு வந்தவள். நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்று அத்தானுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இருவரும் தூங்கினோம்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் காட்டினால்தான் சேர்ப்பார்கள். கல்லூரி அலுவலகமோ அவற்றை அத்தான் வீட்டு முகவரிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டது.

காலை எட்டு மணிக்கெல்லாம் கூரியர் அலுவலகத்தில் நின்றோம். உள்ளே வேன்களில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. டிஸ்பாட்ச் மேஜையில் இருந்த அம்மாள் எங்கள் டிராக்கிங் எண்ணைத் தட்டினார்.

"நேத்தே அட்ரஸ் மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கீங்களே. ஓடிபி வரலை, அதான் அப்படியே நிக்குது."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா போன் பண்ணினேன். உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு."

"வாயத் திறக்காதவ, இதுக்குத்தான் திறந்தியா?" என்றவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். "ஓடிபி எந்த நம்பருக்குப் போச்சு?"

"லேபிள்ல இருக்கிற நம்பருக்கு. கடைசி ரெண்டு எண் நாற்பத்தாறு."

அது அத்தானின் நம்பர். சான்றிதழ் கேட்டுக் கல்லூரிக்குப் போட்ட விண்ணப்பத்தில் அவர்தான் தன் நம்பரை எழுதியிருந்தார்.

"மெசேஜ்ல புது அட்ரஸும் இருக்குமா மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கும்மா. எங்க மாத்தறோம்னு தெரிஞ்சுதானே சம்மதம் சொல்லணும்?"

என் அறையின் கதவு எண் முதற்கொண்டு நேற்று போனில் நான் நிறுத்தி நிதானமாக ஒப்பித்தது நினைவுக்கு வந்தது.

"அனுப்பினவங்க மெயில் போட்டா நம்பரை மாத்தி, பார்சலை இங்கேயே நிறுத்திக்கலாம். அடையாள அட்டை காட்டி நீங்களே வாங்கிக்கலாம். ஆனா வண்டி கிளம்பறதுக்குள்ள வரணும்" என்றார் அம்மாள்.

அக்கா கல்லூரி கிளார்க்கை அழைத்தாள். "சார், நீங்க டீயக் குடிச்சிட்டே போடுங்க, ஆனா இப்பவே போடுங்க." அவளால் அப்போதும் அப்படிப் பேச முடிந்தது.

பன்னிரண்டு நிமிடத்தில் மெயில் வந்தது. அம்மாள் எழுந்து போய், "மூணாம் நம்பர் வண்டி, நில்லுப்பா!" என்று கத்தி, கட்டிய மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, உறையைக் கொண்டுவந்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள். பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

"அவர் மெசேஜைப் பார்த்திருக்கவே மாட்டார்க்கா" என்றேன் படியிறங்கும்போது.

பேருந்து நிறுத்தத்தில் என் போன் அடித்தது. வீட்டுக்கார அம்மா.

"உங்க அத்தானாம்மா, வந்திருக்கார். நல்ல மனுஷனா இருக்காரே! வெயில்ல எதுக்கு நிக்கணும், சாவி என்கிட்ட இருக்கு, உள்ள உக்காரச் சொல்லிட்டேன்."

அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அறைக்குப் போகும் எங்கள் பேருந்து வந்து நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள்.