மஃரிபுக்குப் பிறகு எடுத்த படம்

றிகாஸ் பெண் படப்பிடிப்பாளர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருந்தது. மேல்மாடி முன்னறையில் அவனுடைய வாப்பாவின் இரண்டாம் மனைவி பல்கீஸ் இத்தாவில் இருந்தாள். புருசன் மௌத்தாகி எழுபத்தேழு நாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் எவன் கண்ணிலும் படாமல் அவள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் றிகாஸ் கேற்றடியில் வைத்தே நிவேதிகாவுக்கு விளக்கினான். மார்க்க விஷயத்தில் தான் எவ்வளவு கண்டிப்பானவன் என்பதை முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லிவைப்பதில் அவனுக்கு ஒரு திருப்தி.

நிவேதிகா திருகோணமலை ரவுனில் கலியாணப் படம் எடுப்பவள். கொழும்பில் வீடு விற்றுக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சுலோஜனா என்றொருத்தி இருக்கிறாள். துறைமுகப் பக்கம் விற்பனைக்கு வரும் வீடுகளை நிவேதிகாதான் அவளுக்குப் படம் எடுத்து அனுப்புவாள். பகலில் எடுத்த வீட்டுப் படத்தை வெளிநாட்டில் இருப்பவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம். வானம் கருநீலமாகவும் சன்னல்கள் மஞ்சளாகவும் இருக்கிற அந்திப் படம் ஒன்று முன்னால் இருந்தால் விரல் நின்றுவிடுமாம். ஊரை விட்டுப் போனவனுக்கு யாரோ விளக்கைப் போட்டுவிட்டுத் தனக்காகக் காத்திருப்பதாக ஒரு நினைப்பு வரும் போல. வியாபாரம் அந்த நினைப்பின்மேல்தான் நடக்கிறது.

நிவேதிகா ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். அந்திப் படத்துக்கு வேலை முழுக்க அந்திக்கு முன்புதான். றியூப் லைற் கமெராவில் பச்சையடிக்கும் என்பதால் பை நிறைய மஞ்சள் பல்ப் கொண்டுவந்திருந்தாள். கீழே ஹோலில், சாப்பாட்டறையில், படிக்கட்டில், போர்ட்டிகோவில் என்று ஒவ்வொன்றாக மாற்றினாள். திரைச்சீலைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டினாள். றிகாஸ் தன் காரை ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விட்டான். முற்றத்துச் சீமெந்தைக் குழாய்த் தண்ணீரால் நனைத்தான், ஈரத்தில் வெளிச்சம் விழுந்தால் வடிவாக இருக்கும் என்று அவள் சொன்னபடியால்.

மிச்சம் மேல்மாடி முன்னறை. றிகாஸ் அவளைப் போகச் சொன்னான். சாச்சி பல்கீசிடம் எல்லாம் சொல்லியாயிற்று, திரையை விலக்கி லைற்றைப் போட்டுவிட்டு அவள் பின்பக்கக் குளியலறைக்குள் போய் இருப்பாள் என்றான். எழுபத்தேழு நாளாக அந்தத் திரை ஒரு விரற்கடை விலகக்கூடாது என்று காவல் காத்தவன் அவன்தான். வீட்டுக்கு விலையென்று வந்ததும் திரையும் விலகலாம், விதவை குளியலறையிலும் குந்தலாம். இப்படிப்பட்டவர்களுக்கு மார்க்கம் சட்டைப்பைக்குள் இருக்கிற சாமான், வேண்டியபோது எடுப்பார்கள், வேண்டாதபோது வைத்துவிடுவார்கள்.

பல்கீசுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை உடுத்து, வெள்ளைத் துணியால் தலையை மூடி, கட்டிலில் இருந்தாள். ஊர் குறிஞ்சாக்கேணி. றிகாசின் வாப்பா ஸெய்னுதீனைப் பதினொரு வருடத்துக்கு முன் கட்டி, கடைசி நாலு வருடமும் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளியவள். நிவேதிகா கதிரையில் ஏறி பல்பை மாற்றும்போது அவளே கதிரையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். கட்டாரில் இருக்கிற தன் சகோதரிக்கு அனுப்பத்தான் படம் என்று றிகாஸ் சொன்னானாம். பல்ப் எல்லாம் மாற்றி வீடு இவ்வளவு பளபளக்க வேண்டுமா அதற்கு, என்று கேட்டாள்.

நிவேதிகா பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. ஆனால் அந்த நேரம் வாய் முந்திவிட்டது. வீட்டை விற்கத்தான் அன்ரி, நாளைக்கு இன்ரர்நெற்றில் போடப்போகினம் என்றாள்.

பல்கீஸ் கட்டிலில் இருந்துவிட்டாள். பிறகு அழாமல், சாமான் கணக்குச் சொல்கிறவள் போலச் சொன்னாள். சாகும்வரை அவள் இந்த வீட்டில் இருக்கலாம் என்று ஸெய்னுதீன் எழுதிக் கையெழுத்து வைத்த கடதாசி ரவுனில் ஒரு சட்டத்தரணியிடம் இருக்கிறது. இத்தா முடியும்வரை அவள் படலை தாண்டிப் போய் அதை எடுக்க முடியாது. அது றிகாசுக்கும் தெரியும். கூடப்பிறந்த நானா முத்தலிப்பிடம் சொல்லலாம் என்றால், அவர் றிகாசின் தாடியையும் தொப்பியையும் பார்த்து உருகுகிற மனிசன்.

"இன்னும் அம்பத்து மூணு நாள்தான் மகள். அதுமட்டும் இந்தப் படம் வெளியில போகாம இருந்தாக் காணும். எடுக்காம விட ஏலாதா?"

நிவேதிகா தான் எடுக்காவிட்டால் வேறொருவன் வந்து எடுப்பான் என்றாள். உண்மைதான். கோழைகள் எப்போதும் உண்மையைத்தான் சொல்வார்கள்.

அப்படியென்றால் இந்த அறையை மட்டும் இருட்டாக விட்டால் படம் பழுதாகிவிடாதா என்று பல்கீஸ் கேட்டாள். இருட்டான சன்னலைக் கொம்பியூட்டரில் வெளிச்சமாக்கிவிடலாம் என்று நிவேதிகா சொன்னாள். பத்து நிமிட வேலை. பல்கீஸ் தலையை ஆட்டினாள். 

மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது சூரியன் துறைமுகத்துக்கு அப்பால் இறங்கியிருந்தது. றிகாஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான். நிவேதிகா ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் மதிலோரமாகக் கமெரா முக்காலியை ஊன்றி, துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து நின்றாள். சூரியன் போனவுடன் எடுத்தால் வானம் வெளிறிக் கிடக்கும், சன்னல் வெளிச்சம் எடுபடாது. கால் மணித்தியாலம் பொறுக்க வேண்டும். வானத்தின் வெளிச்சம் மெல்லமெல்ல இறங்கி, சன்னலின் வெளிச்சத்தோடு ஒரே அளவுக்கு வருகிற ஒரு நேரம் இருக்கிறது. இந்த நாட்டில் அது ஏழெட்டு நிமிடம்தான். விட்டால் வானம் கறுத்து, சன்னல்கள் வெள்ளையாக வெடித்துப்போகும்.

கீழ்த்தட்டு முழுக்க மஞ்சளாக நின்றது. மேல்மாடி முன்னறை மட்டும் இருட்டு. சரி, சொன்னபடி இருட்டாக விட்டிருக்கிறாள், கொம்பியூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிவேதிகா எடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு படத்துக்கும் கமெரா இரண்டு செக்கன், நாலு செக்கன், எட்டு செக்கன் என்று திறந்திருந்தது. வானம் நீலமாகத் திரண்டு வந்தது. மிக நல்ல நிமிடம் அதுதான் என்று அவள் கை அறிந்த அந்த நிமிடத்தில், மேலே லைற் எரிந்தது.

திரை முழுக்க விலகியிருந்தது. சன்னலின் நடுவில் பல்கீஸ் நின்றாள். முகம் தெரியவில்லை. தலையை மூடிய துணியின் ஓரம் மட்டும் வெளிச்சம் பிடித்தது. இவளை நேரே பார்த்துக்கொண்டு நின்றாள், ஆடவில்லை, அசையவில்லை. நாலு செக்கன் திறந்திருக்கும் கமெராவுக்குக் கலியாணப் பொம்பிளைகூட அப்படி நின்றதில்லை. வானம் கறுக்கும்வரை நின்றுவிட்டு லைற்றை அணைத்தாள். றிகாஸ் பள்ளியால் வரும்போது திரை பழையபடி மூடியிருந்தது.

அன்றிரவு நிவேதிகா அந்தப் படத்தைக் கொம்பியூட்டரில் திறந்தாள். இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல படம் அவள் எடுத்ததில்லை. இதையும் ஒளிக்க வேண்டாம். அவளுக்குள் இருந்த கலைக்காரிக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது, அவளுக்குள் இருந்த நல்ல மனிசி அதற்கு ஒரு காரணம் தேடிக் கொடுத்தாள். பல்கீஸ் எழும்பி வந்து நின்றது உலகத்துக்குத் தன்னைக் காட்டத்தானே. வீட்டுக்குள் ஒரு மனுசி இருக்கிறாள் என்று வாங்க வருகிறவன் பார்க்கட்டும், கேட்கட்டும். முகமும் தெரியவில்லை, வெறும் நிழல். அழிக்கக் கூடாது என்று முடிவெடுத்தாள். தான் துணிச்சலான ஒரு காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டே சுலோஜனாவுக்கு அனுப்பினாள்.

சுலோஜனாவுக்குப் படம் தலைகால் புரியாமல் பிடித்துப்போயிற்று. ஆள் நிற்கிறபடியால்தான் குடும்பம் வாழ்கிற வீடு என்ற உணர்வே வருகிறது என்றாள். படம் மறுநாள் காலையில் வெளியில் போனது. பின்னேரத்துக்குள் கிண்ணியா, மூதூர், தோகா, லண்டன் எல்லாம் சுற்றிவிட்டது.

ஐந்தாம் நாள் சுலோஜனா மறுபடி போன் எடுத்தாள். அந்த வீட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்களாம், உள்ளறைப் படங்களும் எடுக்கலாமாம். நிவேதிகா மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மேல்மாடி முன்னறை வெறுமையாகக் கிடந்தது. கட்டில்கூட இல்லை. றிகாஸ் அவளுக்குப் பிளேன்ரீ கொடுத்து உபசரித்தான். படத்தைக் கண்டவுடன் அதைப் பல்கீசின் நானா முத்தலிப்புக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் அனுப்பி, வாப்பாவின் கப்று ஈரம் காயவில்லை, உங்கள் தங்கச்சி சன்னலைத் திறந்துவைத்து உலகத்துக்குப் போஸ் கொடுக்கிறா என்று மட்டும் எழுதினானாம். பெரியவர் ஒருவர், பிழையென்றாலும் இத்தா முடியும்வரை அவளை வீட்டைவிட்டு எழுப்பக்கூடாது என்று சொல்லிப் பார்த்தாராம். முத்தலிப் கேட்கவில்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு தானே வேன் பிடித்து வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனாராம். இனி நான் அந்த வீட்டில் பாத்தியதை கேட்கமாட்டேன் என்று அவளிடம் எழுதியும் வாங்கிக் கொடுத்தாராம்.

"நான் ஆறு மாசம் கஷ்டப்பட்டாலும் இப்பிடி முடிஞ்சிராது தங்கச்சி. உங்கட படந்தான் எல்லாத்தையும் முடிச்சு வச்சது," என்றான் றிகாஸ். அவன் நன்றியோடுதான் சொன்னான்.

நிவேதிகா அன்று ஒரு படமும் எடுக்கவில்லை. நேரே பாலத்தைத் தாண்டிக் குறிஞ்சாக்கேணிக்குப் போனாள். விசாரித்து விசாரித்து முத்தலிப்பின் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவருடைய மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைக் காட்டினாள். நெல் மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்து பல்கீஸ் இருந்தாள். கோபம் இருந்திருந்தால் நிவேதிகாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபம் இல்லை.

நிவேதிகா அறை வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். நீங்கள் காட்டச் சொல்லித்தான் நிற்கிறீர்கள் என்று நினைத்தேன், உங்களுக்காகத்தான் அழிக்காமல் விட்டேன் என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது.

பல்கீஸ் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இருட்டா இருந்தா வெளிச்சமாக்கிருவன் எண்டு நீங்கதானே மகள் சொன்னீங்க. இத்தாவில இரிக்கிற பொம்பிளை நிக்கிற படத்தை மானமுள்ள ஒருத்தரும் வெளியில போடமாட்டாங்க எண்டு நினைச்சன். நீங்களும் ஒரு பொம்பிளைதானே, அந்தப் படத்தை வீசிருவீங்க எண்டு நம்பித்தான் நிண்டன்."

  குசினிக்குள் யாரோ சட்டி கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஊரெல்லாம் பாத்திட்டாங்க. நான்தான் இன்னும் பாக்கல்ல," என்று பல்கீஸ் கையை நீட்டினாள்.

நிவேதிகா போனில் படத்தைத் திறந்து கொடுத்தாள். பல்கீஸ் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கீழ்த்தட்டு, படிக்கட்டு, போர்ட்டிகோ என்று ஒவ்வொரு சன்னலாகப் பார்த்து, தான் நின்ற சன்னல்வரை வந்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் எடுத்திரிக்கீங்க," என்று சொல்லிவிட்டு, எழும்பி அறைக் கதவைச் சாத்தினாள்.