முதல் மூன்று வரி

புதுச்சேரி மக்களின் அறியாமை ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு முடிவுக்கு வர இருந்தது. ரெட்டியார்பாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் முதல்வர் டாக்டர் கிருஷ்ணசாமி அப்படித்தான் சுற்றறிக்கை விட்டிருந்தார். மாணவர்களின் ஆய்வுகள் இனி வாரம் ஒன்றாக, பாமரருக்கும் புரியும் தமிழில், கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் வெளியாகும். மறுமாதம் தரமதிப்பீட்டுக் குழு வர இருந்தது. சமூகத்துக்கு என்ன செய்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று முதல்வர், கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிவந்தார்.

அறியாமையை ஒழிக்க முதலில் அகப்பட்டது நபீசாவின் ஆய்வு. நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. சாரம் பகுதியிலிருந்து மூலக்குளம் வரை முப்பது வண்டிகளில் கரும்புச் சாறு வாங்கி, குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, மலக்கழிவிலிருந்து வரும் கிருமி இருக்கிறதா என்று பார்த்திருந்தாள். ஐஸ் போட்ட பதினெட்டில் பதினைந்தில் இருந்தது. ஐஸ் போடாத பன்னிரண்டில் இரண்டில் இருந்தது. ஐஸை மட்டும் தனியாக உருக்கிப் பார்த்தபோது அதிலும் இருந்தது. மீன் பெட்டிக்குப் போகும் அதே ஐஸ் பாளம்தான் சாற்று வண்டிக்கும் வந்துகொண்டிருந்தது. கரும்பு பாவம், அதன் மேல் பெரிய குற்றம் ஏதும் இல்லை.

முப்பது பேரும் லேசில் சாறு கொடுத்துவிடவில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஆபீசர் என்று நினைத்து ஒருவர் வண்டியையே தள்ளிக்கொண்டு போய்விட்டார். பேரும் இடமும் எங்கும் வராது என்று நபீசா வாக்குக் கொடுத்தாள். கல்லூரி வாசலுக்கு எதிரே வண்டி போட்டிருந்த அஞ்சலாட்சி அதை முதலில் நம்பினார். “நம்ம காலேஜ் பொண்ணுதான், குடு” என்று மற்றவர்களுக்கும் போன் போட்டுச் சொன்னார். அவர் வண்டியில் ஐஸ் கிடையாது. சுத்தம் கருதி எல்லாம் இல்லை. “ஐஸ் வாங்கிப் போட்டா நமக்கு இன்னா மா நிக்கும்” என்பது அவர் கொள்கை. அவர் சாற்றில் கிருமி இல்லை.

பதிவு எழுதும் பொறுப்பு தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர் இளஞ்செழியனுக்கு. பொது வாசகனைத் தனக்கு நேரில் தெரியும் என்பதுபோல் அவர் பேசுவார். நபீசா நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனாள்.

“ஏம்மா, பொது வாசகன் எவ்ளோ படிப்பான்னு நெனைக்கிற?”

“சுருக்கமாத்தான் சார் எழுதியிருக்கேன்.”

“மூணு வரி. அதுக்குக் கீழ ‘மேலும் படிக்க’ன்னு வந்துடும். அத யாரும் தொட மாட்டான். நானே தொட மாட்டேன்.”

“அப்ப ஐஸ முதல் வரியிலயே சொல்லிடலாம் சார். கரும்புச் சாறு குடிங்க, ஐஸ் வேணாம்னு சொல்லுங்க. மூணு வரிகூட வேணாம்.”

இளஞ்செழியன் நாற்காலியில் சாய்ந்தார். “அதுல இன்னாமா அதிர்ச்சி இருக்கு? எங்க அம்மா சொல்றா மாதிரி இருக்கு.”

ஒரு மணி நேரத்தில் தமிழ் எளிமையானது. ‘மாதிரிகள்’ போனது, அந்நியமாக இருந்ததாம். ‘பதினெட்டில் பதினைந்து’ போனது. எண் வந்தால் வாசகன் ஓடிவிடுவான். இரு தொகையையும் கூட்டி, முப்பதில் பதினேழு என்று இளஞ்செழியன் முதல்வரிடம் வாய்மொழியாகச் சொன்னதில் ‘பாதிக்கு மேல்’ என்ற சொல் பிறந்தது. அது எண் இல்லை என்பதால் தங்கியது. கடைசியில் மேலே நின்றவை இவை:

*நீங்கள் குடிப்பது கரும்புச் சாறா, கழிவுநீரா?*
*நம் ஊர் வண்டிகளில் பாதிக்கு மேல் மலக்கிருமி.*
*கண்டுபிடித்தார் எங்கள் கல்லூரி மாணவி நபீசா.*

ஐஸ் ஆறாவது வரியில் இருந்தது.

“பொய் ஒண்ணும் இல்லியே?” என்றார் இளஞ்செழியன்.

பொய் ஒன்றும் இல்லை. அதுதான் நபீசாவுக்குச் சிக்கல். வழிகாட்டியான சிவசங்கரி மேடத்திடம் ஓடினாள். மேடம் படித்தார், பெருமூச்சு விட்டார், “ஆறாவது வரியில கரெக்டா இருக்கில்ல, விடு” என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. படம் இல்லாத பதிவை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பத்தே முக்காலுக்கு நினைவு வந்தது. வெயிலில் தூரம் போக இளஞ்செழியனுக்கு விருப்பமில்லை. கல்லூரி வாசலுக்கு வந்தார், எதிரே ஒரு வண்டி நின்றது, எடுத்தார். மனிதநேயத்தோடு முகத்தை மட்டும் மங்கலாக்கினார். பச்சை மஞ்சள் குடையும், பின்னால் கல்லூரி வளைவின் பாதியும் பளிச்சென்று இருந்தன.

நபீசா பதினொன்றேகாலுக்குப் பார்த்தாள். முதல்வர் அறைக்குப் போனாள்.

“சார், அது அஞ்சலாட்சி அக்கா வண்டி. அவங்களோடதுல ஒண்ணுமே இல்ல. படத்த எடுத்துடுங்க சார். நான் வாக்கு குடுத்திருக்கேன்.”

“முகம் தெரியல இல்ல?”

“வண்டி தெரியுது சார்.”

“வண்டில பேரு எதுவும் எழுதலையே.” டாக்டர் கிருஷ்ணசாமி போனைத் திருப்பிக் காட்டினார். “பாரு, அதுக்குள்ள எவ்ளோ ஷேர். இப்ப எடுத்தா எல்லாம் போயிடும். குழு வந்து போவட்டும், நானே மாத்தச் சொல்றேன்.” பிறகு கருணையோடு சேர்த்தார்: “உன் பேரு வந்திருக்கு, உங்க வாப்பாகிட்ட காட்டுனியா?”

மாலைக்குள் பதிவு எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. படமும் மூன்று வரியுமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிட்டதால், ஆறாவது வரி அதில் பயணம் செய்யவில்லை. கல்லூரிப் பிள்ளைகளே அஞ்சலாட்சியின் குடையோடு செல்பி எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்கள். எதிர்ப்பக்கத்து ஜூஸ் கடையில் கண்ணாடிக் கதவு இருந்தது. ஐஸும் இருந்தது.

நபீசா மூன்று நாள் அந்த வாசலைத் தவிர்த்து, பின்வாசல் வழியாகப் போனாள். நாலாம் நாள் நேரே போய் நின்றாள். மெஷின் ஓடவில்லை. ஈரச் சாக்கின் கீழே கரும்பு காய்ந்துகொண்டிருந்தது.

“அக்கா, முழுசா படிச்சிங்களா? கீழ நல்லா இருக்கு. ஐஸ் போடாத கடைங்கள்ல பெரிசா பிரச்சினை இல்லன்னு இருக்கு.”

“படிச்சேன் மா. என் பையன் அமுக்கிக் காட்டுனான்.” அஞ்சலாட்சி சாக்கைச் சரிசெய்தார். “நீ நல்லாத்தான் எழுதியிருக்க.”

“நான் அப்படி எழுதல அக்கா. அவங்க மாத்திட்டாங்க. போட்டோ நான் எடுக்கல.”

“பேரு உன்னுதுதான போட்டிருக்கு?”

நபீசா பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“நீ கேட்டியேன்னு நான் ஏழெட்டுப் பேருக்குப் போன் போட்டேன். இப்ப அவுங்க எனக்குப் போன் போடுறாங்க.” குரலில் கோபம் இல்லை, வண்டி மேல் இருந்த ஈயை ஓட்டுகிற குரல்தான். “சரி, நீ கிளாசுக்குப் போ. உன்ன இங்க பாத்தா இன்னொரு போட்டோ எடுப்பானுங்க.”

நபீசா அன்றே விளக்கப் பதிவு ஒன்று எழுதினாள். மூன்றே வரி, ஐஸ் முதல் வரியில். தன் சொந்தப் பக்கத்தில் போட்டாள். வகுப்புத் தோழிகள் நான்கு பேர் இதயம் போட்டார்கள். கல்லூரிப் பக்கத்தில் பின்னூட்டமாகவும் போட்டாள். இளஞ்செழியன் அதற்கு ‘வாழ்த்துகள்’ என்று பதில் எழுதினார்.

தரமதிப்பீட்டுக் குழு வந்தது. சமூகப் பங்களிப்பு என்ற தலைப்பில் அந்தப் பதிவு பெரிய திரையில் காட்டப்பட்டது. நபீசாவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். அவள் ஐஸைப் பற்றி ஆரம்பித்தாள். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அதே வாரம் அஞ்சலாட்சி வண்டியை விற்றுவிட்டு மூலக்குளத்தில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனார். வண்டியை வாங்கியவர் குடையை மாற்றினார். ஐஸ் போடுகிறார். வியாபாரம் நன்றாகப் போகிறது.