ஒரே மகளுக்கு இரண்டு பெயர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தெரிந்தவர்களெல்லாம் எட்ட நின்றே பேசுவார்கள். அன்று காலை அகப்பட்டவர் என் ஆபீஸுக்குச் சைன்போர்டு எழுத வந்தவர்.

"அக்கா, இந்த ரெண்டாவது வரி எதுக்கு? இடமே பத்தலை" என்றார் ஏணி மேலிருந்து.

முதல் வரி 'சான்றிதழ் மொழிபெயர்ப்பு'. இரண்டாவது வரி, 'பெயர்களை ஒலிப்படியே எழுதுவோம், அர்த்தத்தை எழுதமாட்டோம்'.

"வாரத்துக்கு நாலு பேர் வந்து, பேரையும் மொழிபெயர்த்துக் குடுங்கன்னு உசுரை வாங்குறாங்க. அதுக்குத்தான்."

"குடுத்தா என்னக்கா? அர்த்தம் ஒண்ணுதானே?"

"உங்க பேருக்கு மலைன்னு அர்த்தம்னு வைங்க. இந்த நாட்டு பாஷையில மலைக்கு என்ன வார்த்தையோ, அதைச் சொல்லி ரோட்டுல கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்?"

"அவ்வளவுதான். சத்தம்தான் பேரு. அர்த்தம் அகராதிக்கு. எழுதுங்க."

பெரிய மேதை மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அடுத்த பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

அவளுடைய அம்மா சொந்த ஊரில் தனியாக இருக்கிறார். மூட்டு தேய்ந்து, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாராம். அவரை நிரந்தரமாக இங்கே வரவழைக்க மகள் மனு போட்டிருக்கிறாள். மனு தள்ளுபடி. தாய்-மகள் உறவு நிரூபிக்கப்படவில்லை என்று கடிதம் சொன்னது. மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.

"தூதரகத்துல அம்மாகிட்ட 'உங்க பொண்ணு பேரென்ன'ன்னு கேட்டிருக்காங்க. அம்மா சொல்லிட்டாங்க."

"சரி, அதுல என்ன?"

"அவங்க சொன்ன பேரு என் பாஸ்போர்ட்டுல இல்லை. பாஸ்போர்ட்டுல இருக்கிற பேரைச் சொல்லி 'இது யாரு'ன்னு கேட்டிருக்காங்க. அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க."

கடவுச்சீட்டையும் தமிழில் இருந்த பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. அம்மா வைத்தது விடியலைக் குறிக்கும் அழகான பெயர். கடவுச்சீட்டில் இருந்தது விடியலுக்கு இந்த நாட்டுக்காரர்கள் சொல்லும் வார்த்தை. தமிழ் வாசனையே இல்லை.

"எந்த மடையன் பண்ணின வேலைம்மா இது? பேரைப் போய் மொழிபெயர்ப்பானா ஒருத்தன்? இவனுக்கெல்லாம் முத்திரை ஒரு கேடா?" என்று சீறினேன்.

அவள் பழுப்பேறிய இன்னொரு தாளை நீட்டினாள். இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தைய மொழிபெயர்ப்பு. கீழே வட்ட முத்திரை. எண் நானூற்றுப் பன்னிரண்டு.

அது என் எண்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான், அந்தக் கோணல்கூட என்னுடையதுதான். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளராகி அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. 'மடையன்' என்ற சொல் இன்னும் அறையிலேயே நின்றது. தண்ணீர் குடித்தேன்.

"எப்படி உங்க பேரா ஆச்சு இது?" என்றேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. பெற்றோர் பிரிந்தபின் அப்பா அவளை அழைத்து வந்திருக்கிறார். அவர் கடவுச்சீட்டில் குழந்தையின் பெயர் கையால் எழுதப்பட்டிருந்ததாம். இங்கே பதிவு அலுவலகத்தில் அதைப் பார்க்காமல் என் மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பதிந்துவிட்டார்கள். அதை வைத்துப் பள்ளிக்கூடம், அதை வைத்துக் குடியுரிமை, கடவுச்சீட்டு, நர்ஸிங் பட்டம். அப்பாவின் பழைய கடவுச்சீட்டைக் குடியுரிமை வாங்கும்போது ஒப்படைத்தாகிவிட்டது. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார்.

"அம்மாகிட்ட இந்தப் பேரைச் சொன்னதே இல்லையா?"

"போன்ல அவங்க அந்தப் பேரைத்தான் கூப்பிடுவாங்க. எனக்குச் சொல்லணும்னே தோணலை மேடம். மனு கூட நான்தான் நிரப்பினேன்."

பெயரை மாற்றி எழுதும்படி அவளுடைய அப்பாதான் கேட்டாரா? 'இங்க இருக்கிறவங்க வாயில நுழையிற மாதிரி போடுங்க' என்று அந்த மனிதர் சொன்ன மாதிரியும் இருக்கிறது. அப்படியெல்லாம் எதுவும் இல்லை, கவிதை எழுதுகிற நினைப்பில் நானே செய்தேன் என்றும் இருக்கிறது. எவ்வளவு யோசித்தும் சத்தியமாக நினைவில்லை. அவர் கேட்டார் என்று எழுதினால் மறுக்க ஆள் இல்லை. அந்த யோசனை வந்ததும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அதைவிடச் சுலபமான யோசனை ஒன்றும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அம்மாவுக்குப் போன் போடு. மறுபடி கூப்பிட்டா பாஸ்போர்ட்டுல இருக்கிற பேரைச் சொல்லச் சொல்லலாம்."

ஸ்பீக்கரில் போட்டாள். நான்தான் பேசினேன். அந்த வார்த்தையை மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மா மூன்று தடவையும் மூன்று விதமாகச் சொன்னார்.

"இது யாரு பேரும்மா?"

"உங்க பொண்ணு பேருதாம்மா. இந்த ஊர்ல."

"எம் பொண்ணு பேரு எனக்குத் தெரியாதா? பெத்து பேரு வச்சவ நான். வேற பேரைச் சொல்லித்தான் வரணும்னா எனக்கு அந்த ஊரே வேண்டாம். பொய் சொல்லி மாட்டிக்கிட்டா புள்ளைக்கில்ல கஷ்டம்?"

நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே ஏணி கிரீச்சிட்டது. "அக்கா, அந்த ரெண்டாவது வரி..."

"எழுதுங்கன்னேன்ல! பெரிசா எழுதுங்க!"

புதுத் தாள் எடுத்தேன். செய்ய வேண்டியது எனக்குத் தெரியாததா என்ன? பிறப்புச் சான்றிதழுக்குப் புது மொழிபெயர்ப்பு, பெயர் ஒலிப்படி. கூடவே என் உறுதிமொழி: முந்தைய மொழிபெயர்ப்பில் பெயரின் அர்த்தத்தை எழுதியது தவறு, தவறு என்னுடையது, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை. இது போனால் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் விசாரணை வரும். முத்திரை பறிபோகலாம். போகட்டும்.

"என் பாஸ்போர்ட்டை மாத்தணுமா மேடம்?" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "வேலை, பட்டம் எல்லாம் அந்தப் பேர்லதான். ஆனா அம்மா சொல்றதும்... எது என் பேருன்னே எனக்குக் குழப்பமா இருக்கு."

"இப்ப எதையும் மாத்த வேண்டாம். இருக்கிற பேர்லயே கையெழுத்துப் போடு. மத்ததை அம்மா வந்தப்புறம் நிதானமா யோசிக்கலாம்."

எது அவள் பெயர்? அம்மா வைத்தது மட்டும்தான் என்று சொல்லிவிடலாமா? இருபத்து நாலு வருஷமாக எல்லாரும் கூப்பிடுகிற பெயரை எப்படி இல்லை என்பது?

ஒலிப்படி எழுத வேண்டுமென்றால் ஒலியைக் கேட்க வேண்டும். சான்றிதழில் பெயர் புரிந்தாலும் ஓர் எழுத்து குறிலா நெடிலா என்று தெரியாதபடி மங்கியிருந்தது. போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அருகே குனிந்தேன்.

"அம்மா, உங்க பொண்ணு பேரை நீங்க எப்பவும் கூப்பிடுற மாதிரியே ஒரு தடவை சொல்லுங்க. நான் எழுதிக்கணும்."

அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, நீட்டி, வாசலில் நின்று கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

நான் பேனாவைத் தாளில் வைப்பதற்குள் எதிரே இருந்தவள் தலை நிமிர்ந்து, "என்னம்மா?" என்றாள்.